சின்னக் கோடு

பாக்கியலக்ஷ்மிக்கு உட்காரவே தெரியாது. மட்டாஞ்சேரியில் அவளிடம் கணக்குப் படித்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்த அந்த டுட்டோரியலில் ஆசிரியருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய குடையும் பையும்தான் உட்கார்ந்திருக்கும். அவள் ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். கீழேயிருந்து வரும் சுக்குத் தூசிக்குப் பிள்ளைகள் தும்மினால் நடையை நிறுத்தாமலே “மூக்கைத் துடைச்சிட்டுக் கேளு” என்பாள்.

அப்பா நல்லசிவம் கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டிக் கட்டுகளோடு கொச்சிக்கு வந்தவர். பஜாரில் மொத்த வியாபாரம். மகள் எம்.எஸ்சி. கணக்கு முடித்ததும் அவருக்குப் பெருமை, கூடவே ஒரு கவலை. “எங்க கூட்டத்துல இவ்வளவு படிச்ச மாப்பிள்ளைக்கு நான் எங்க போவேன்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளுக்கு மாப்பிள்ளை வேண்டியிருக்கவில்லை. ஒரு நிரந்தர வேலை வேண்டியிருந்தது. அக்கரையில், எர்ணாகுளத்தில், சுவர் வைத்த வகுப்பறையில் நின்று பாடம் நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

சுவர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. டுட்டோரியலில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே தென்னோலைத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் முகமது இஸ்மாயில், அவரும் கணக்குதான். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், இரண்டிலும் ஒரே சத்தம். கோஷம் போடுகிற குரலில் இன்டகிரேஷன் சொல்லிக்கொடுப்பார். இவள் பிள்ளைகள் பாதிப் பாடத்தை அவரிடமிருந்து படித்தார்கள், அவர் பிள்ளைகள் பாதியை இவளிடமிருந்து. இரண்டு பேருக்கும் இதில் எரிச்சல் உண்டு. ஆனால் சாயா மட்டும் ஒரே கெட்டிலிலிருந்து வரும்.

அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் ஒரு பேப்பரில் தோற்றவர்கள். அவர்களுக்காக டுட்டோரியல் முதலாளி வெங்கிடராமன் சார் நோட்ஸ் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் அடித்துக் கொடுப்பார். மை கையில் ஒட்டும் அந்தத் தாள்களை வாங்க அக்கரையிலிருந்தும் ஆள் வரும். ஆசிரியர்களும் அதைப் பார்த்துத்தான் நடத்த வேண்டும். மாற்றி நடத்தினால் “பையன்மாரைக் குழப்பண்டா” என்று தடுத்துவிடுவார். அவருடைய தாளில் படித்தவர்கள் தேறினார்கள், அதனால் அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்தத் தாள்களில் ஆண்டுதோறும் தேர்வுக்கு வரும் கேள்வி ஒன்று இருந்தது. ஒன்றோடு n-இல் ஒரு பங்கைச் சேர், வருவதை n தடவை பெருக்கு. n ஒன்று என்றால் 2. இரண்டு என்றால் 2.25. மூன்றுக்கு 2.37, நான்குக்கு 2.44. இப்படி ஏறிக்கொண்டே போகும். ஆனால் எவ்வளவு ஏறினாலும் 3-ஐத் தொடாது. ஏறிக்கொண்டே போய், ஒரு கூரைக்குக் கீழேயே நிற்கும் வரிசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குத்தான் e என்று பெயர், 2.718 சொச்சம். இந்த வரிசையில் எந்த உறுப்பும் e-ஐவிடச் சின்னதே என்று காட்ட வேண்டும். அதுதான் கேள்வி.

1977 ஜூனில் அக்கரைக் கல்லூரி ஒன்றில் கணக்கு லெக்சரர் இடம் ஒன்று காலியானது. பாக்கியலக்ஷ்மி விண்ணப்பம் போட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இஸ்மாயிலும் போட்டார். இடம் ஒன்றே ஒன்றுதான்.

நேர்முகத் தேர்வன்று இருவரும் ஒரே படகில் போனார்கள். அவர் உட்கார்ந்து வந்தார். அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.

“டீச்சரே, இப்பிடி நின்னா அங்க போறதுக்கு முன்னாடியே கால் போயிரும்.”

“உங்க தொண்டை போகாம இருந்தா சரி சாரே.”

கல்லூரி மாடி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அப்பு என்ற பியூன் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக உள்ளே விட்டார். முடித்தவர்கள் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட வேண்டும். வராந்தாவுக்குத் திரும்பி வரக் கூடாது, காத்திருப்பவர்களிடம் பேசக் கூடாது. ஆங்கில அகரவரிசை என்பதால் அவள் பெயர் முதலிலேயே வந்தது. இஸ்மாயிலுக்கு முகமது முன்னால் இருந்ததால் நடுவில் நாலைந்து பேர்.

உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் கல்லூரிக்காரர்கள், நான்காவது ஆள் வெளியிலிருந்து வந்த வல்லுநர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தவர். அவர் கரும்பலகையைக் காட்டினார்.

“இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே கேள்விதான். ஒண்ணு கூட்டல் n-இல் ஒண்ணு, அதுக்கு n அடுக்கு. அது e-ஐவிடச் சின்னதுன்னு நிறுவுங்க. ஏறுவரிசையை வச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய கேள்வி. சாக்குக்கட்டியை எடுத்தாள். உறுப்புக்கு aₙ என்று பெயர் வைத்தாள். ஏறுவரிசை என்பதை முதலில் காட்டினாள். 1 + 1/n என்ற எண்ணை n தடவை எடுத்துக்கொள், கூடவே வெறும் 1 ஒன்று. ஆக n + 1 எண்கள். இவற்றைக் கூட்டினால் n + 2. சராசரி (n + 2)/(n + 1), அதாவது 1 + 1/(n + 1). பெருக்கினால் aₙ. எண்கள் எல்லாம் சமமாக இல்லாதபோது பெருக்குச் சராசரி கூட்டுச் சராசரியைவிடக் கண்டிப்பாகச் சின்னது. அப்படியென்றால் aₙ-இன் (n + 1)-ஆம் மூலம் 1 + 1/(n + 1)-ஐவிடச் சின்னது. இரண்டு பக்கத்தையும் n + 1 அடுக்குக்கு உயர்த்தினால் aₙ < aₙ₊₁. அடுத்து ஈருறுப்பு விரிவை எழுதி, உறுப்புகளை 1 + 1 + 1/2 + 1/4 என்று போகும் தொடரோடு ஒப்பிட்டு, எதுவும் 3-ஐத் தாண்டாது என்று காட்டினாள். எல்லை உண்டு, அது e. கல்லூரிக்காரர்கள் தலையாட்டினார்கள். அவள் பலகைக்கு முன்னால் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி வரியை வெங்கிடராமன் சாரின் தாளில் இருந்தபடியே எழுதினாள். எந்த k-க்கும் aₙ < aₙ₊ₖ. k முடிவின்றிப் பெருகும்போது வலப்பக்கம் e ஆகிறது. ஆகவே aₙ < e.

வல்லுநர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

“ஒரு சின்ன விஷயம். 1 கழித்தல் k-இல் ஒண்ணு. இது 1-ஐவிடச் சின்னதா?”

“ஆமா சார். எல்லா k-க்கும்.”

“இதோட எல்லை?”

“ஒண்ணு.”

“அப்போ உங்க கடைசி வரிப்படி ஒண்ணு ஒண்ணைவிடச் சின்னதா?”

அவள் கால் நின்றது. எட்டு வருஷமாக எத்தனையோ வகுப்புகளில் எழுதிய வரி அது. எல்லைக்குப் போகும்போது ‘சின்னது’ என்பது ‘சின்னது அல்லது சமம்’ ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாததா? புத்தகத்தில் படித்ததுதான், தேர்வில் எழுதியதுதான். இந்த வரியில் மட்டும் அதைப் பார்க்கவே இல்லை. தாளில் இருந்தது, கை எழுதியது, பல்கலைக்கழகமும் மதிப்பெண் போட்டது. ‘சின்னது’ என்ற குறிக்குக் கீழே, சமமாகவும் இருக்கலாம் என்று காட்டும் ஒரு சின்னக் கோடு விடுபட்டிருந்தது. கோட்டைப் போட்டாலோ, e-க்குச் சமமாக இருக்கலாம் என்றாகிவிடும், கேட்டது நிறுவப்படாது.

“யோசிங்க” என்றார் அவர், அன்பாகவே.

யோசிக்க நடக்க வேண்டும். நான்கு பேர் பார்க்கும்போது எங்கே நடப்பது? மனசு முழுவதும் அந்தத் தாளின் மைவாசனை. கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் நன்றி சொன்னார்கள்.

பின்படி இறங்கிப் படகு ஜெட்டிக்கு வந்தாள். மட்டாஞ்சேரிப் படகு நின்றிருந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. வெங்கிடராமன் சாரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. அப்புறம் தன்னையே. தகரக் கூரைக்கு அடியில் மேலும் கீழும் நடந்தாள். மீன்கூடைக்காரி ஒருத்தி, “எந்தா மோளே, ஆரெங்கிலும் வரானுண்டோ” என்று கேட்டாள். அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சமமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, ஏதோ ஓர் உறுப்பு e-க்குச் சமம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த உறுப்பை ஓர் ஆளாக நினைத்தால், e என்ற கூரையில் அவன் தலை இடிக்கிறது. ஆனால் இது ஏறுவரிசை. அவனுக்கு அடுத்து நிற்கிறவன் அவனைவிட உயரம். அந்த அடுத்தவன் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போக வேண்டும். கூரையோ யாரையும் தாண்ட விடாது. ஆகவே முதலாமவன் தலை கூரையில் படவே முடியாது.

aₙ < aₙ₊₁ ≤ e.

இவ்வளவுதான். கண்டிப்பு எல்லையிலிருந்து வரவில்லை, அடுத்தவனிடமிருந்து வருகிறது. எல்லைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு படி ஏறி நின்றுகொண்டால் போதும். அந்த அறையில் நான்கு எட்டு நடக்க விட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அப்போது மழை பிடித்துக்கொண்டது, குடை மாடி வராந்தாவில் இருப்பது நினைவுக்கு வந்தது.

கல்லூரிக்கு நனைந்துகொண்டே திரும்பினாள். வழியெல்லாம் ஒன்றுதான் மனசில் ஓடியது. இஸ்மாயில் இன்னும் உள்ளே போயிருக்க மாட்டார். அதே கேள்வி. அதே தாள். அதே வரியை அந்தக் கோஷக் குரலில் சொல்லி எழுதுவார். அவர் முன்னாலும் வல்லுநரின் கண்ணாடி இறங்கும். நன்றாக விழட்டும் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்வானேன். அவரும் விழுந்தால் இடம் மூன்றாவது ஆளுக்குப் போகும், படகில் இரண்டு பேரும் சமமாகத் திரும்பலாம். சொல்லிவிட்டால் அவர் ஏறிவிடுவார், அவள் சுக்குத் தூசியில் மிச்சக் காலத்தையும் தும்ம வேண்டியதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

அப்பு படியிலேயே மறித்தார். “குடை” என்றாள். நனைந்த கோலத்தைப் பார்த்து அவர் வழிவிட்டார்.

பெஞ்சில் இஸ்மாயில் தனியாக இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. எதை முணுமுணுக்கிறார் என்று கிட்டே போனதும் கேட்டது. k முடிவின்றிப் பெருகும்போது, ஆகவே aₙ சின்னது e. அதே வரி. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தப்பென்று தெரிந்த பிறகு அதே தப்பை இன்னொரு தடவை, இன்னொரு பலகையில் எழுத விடுவதா? வேலை யாருக்குப் போனால் என்ன, அந்த வரி போய்த் தொலைய வேண்டும்.

குனிந்து குடையை எடுக்கிற சாக்கில் சொன்னாள். “சாரே, அந்தக் கடைசி வரி தப்பு.”

“எந்த வரி?”

“k-யை அனுப்புறது. அனுப்பினா கோடு வந்துரும், சமம் வந்துரும். n-லேர்ந்து n + 1-க்குப் போங்க. அது கண்டிப்பா பெருசு. அது e-ஐத் தாண்டாது, அங்க கோடு போடுங்க. முடிஞ்சுது.”

அவர் விழித்தார். “டீச்சரே, உங்களுக்கு இதுல…”

“உங்களுக்காகச் சொல்லல” என்றாள்.

“பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல” என்று அப்பு சத்தம் போட, அவள் இறங்கி வந்துவிட்டாள்.

வேலை இஸ்மாயிலுக்குத்தான் கிடைத்தது. உத்தரவு வந்ததும் அல்வாப் பொட்டலத்தோடு டுட்டோரியலுக்கு வந்தார். வகுப்பு விட்டிருந்தது. அவள் தட்டியோரமாக நடந்துகொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தை நாற்காலியில் வைத்தார்.

“ஒரு காரியம் சொல்லணும். நீங்க சொல்லித் தந்ததுன்னு அங்க நான் சொல்லல. நாக்கு எழும்பல.”

“சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் துரத்தியிருப்பாங்க. விடுங்க. எப்பிடி எழுதினீங்க? அதைக் காட்டுங்க.”

அவர் உற்சாகமாகச் சாக்கை எடுத்தார். நேரே கடைசி வரிக்கு வந்து, பெரிய பெரிய எழுத்தில் போட்டார்.

aₙ < aₙ₊₁ < e.

பாக்கியலக்ஷ்மி நின்றுவிட்டாள்.

“இப்பிடியேவா எழுதினீங்க?”

“இப்பிடியே.”

“கோடு எங்க சாரே?”

“எந்தக் கோடு?” என்றவர் பலகையைப் பார்த்தார். மெல்ல முகம் மாறியது.

“அடுத்தது e-ஐவிடச் சின்னதுன்னு எப்பிடித் தெரியும்? அதைத்தானே காட்ட வந்தோம். காட்ட வேண்டியதையே தெரிஞ்ச மாதிரி எழுதி வச்சிருக்கீங்க. என் வரி எப்பிடித் தப்போ, இதுவும் அப்பிடித் தப்புதான்.” அவள் பலகையைத் தட்டினாள். “அவர் ஒண்ணும் கேக்கலையா?”

இஸ்மாயில் அந்த ஒரு தடவை மெதுவாகப் பேசினார். “கேக்கல. n + 1-ன்னு எழுதினதும் ஒரு சிரிப்புச் சிரிச்சார். மிச்சத்தை வாசிக்கவே இல்ல. மணி ஒண்ணாயிருச்சு, எல்லாரும் ஊணுக்கு எழுந்துட்டாங்க.”

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. வேலை கைநழுவிய அன்றுகூட இப்படி வரவில்லை. அவளிடம் ஒரு கோட்டைத் தேடியவர், இவரிடம் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டாரே. சாக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். இரண்டாவது குறிக்கு அடியில் கோட்டை இழுத்தாள். அழுத்தியதில் சாக்கு ஒடிந்தது. அல்வாவைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா இருக்கு, எங்க வாங்கினீங்க” என்று கேட்டாள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் அவள் இன்னும் இரண்டு நேர்முகத்துக்குப் போனாள், கிடைக்கவில்லை. பிறகு வயது வரம்பு தாண்டிவிட்டது. நல்லசிவம் கடையைப் பையனிடம் கொடுத்துவிட்டு, மகளைப் பற்றிக் கவலைப்படுவதையும் விட்டார். வெங்கிடராமன் சாரிடம் அந்த வரியை மாற்றச் சொல்லி மழைக்காலம் முழுவதும் சண்டை போட்டாள். ஸ்டென்சில் இனி வெட்ட முடியாது என்றார் அவர். அச்சடித்த தாள் ஒவ்வொன்றிலும் அவளே பேனாவால் அடித்து எழுதினாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். இஸ்மாயில் எப்போதாவது பஜாரில் தென்படுவார், சலாம் சொல்வார், பேச்சை வளர்க்க மாட்டார். தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாத புது ஆள் ஒருவர் வந்தார். அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

1985-லோ 86-லோ அக்கரைக் கல்லூரியில் கால்குலஸில் தோற்ற பிள்ளைகள் சிலர் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அந்தக் கேள்வியை எழுதிக் காட்டச் சொன்னாள். சகீலா என்ற பெண் சராசரியைத் தப்பாகப் போட்டாள், ஈருறுப்பு விரிவை ஏதோ செய்தாள், எப்படித் தோற்றாள் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் கடைசி வரி இருந்தது. n-க்கு அடுத்து n + 1, அங்கே குறி, குறிக்குக் கீழே கோடு. வேண்டுமென்றே நீளமாக, தடியாக இழுத்த கோடு. மற்ற பிள்ளைகளின் தாள்களையும் பிடுங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அது இருந்தது.

“இதை யாரு சொல்லித் தந்தது?”

“இஸ்மாயில் சார், டீச்சர். வேற எது தப்பினாலும் விட்டுருவார். அந்தக் கோடு மட்டும் இல்லாட்டி வகுப்பே அதிர்ற மாதிரி சத்தம் போடுவார்.”

“ஏனாம்?”

“அந்தக் கோடு மட்டும் இல்லேன்னா தனக்கு இந்த வேலையே கிடைச்சிருக்காதுன்னு சொல்வார்.”

பாக்கியலக்ஷ்மி தாள்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தாள். நாற்காலியிலிருந்த குடையையும் பையையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சருக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று சகீலா தண்ணீர் கொண்டுவரப் போனாள்.